தறிப்பட்டறை விளக்குக்குள்ள ஒரு நச்சு உலோகம்: நிக்கல்-காட்மியம் பேட்டரி ஏன் இன்னும் போகவில்லை?

இந்த எபிசோடை வழக்கம்போல என் அறையில் உட்கார்ந்து பதிவு செய்யவில்லை. பள்ளிபாளையத்தில், எங்க மாமா வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுறேன். பின்னணியில் "டக டக"ன்னு ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீங்க. கீழே பட்டறையில் விசைத்தறி ஓடுது. எங்க ஊர்ல அந்தச் சத்தம் நின்னாத்தான் தூக்கம் கலையும். நின்னா கரண்ட் போயிருச்சுன்னு அர்த்தம்.

என் முன்னால் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கு. உள்ளே பதினெட்டு செத்துப்போன பேட்டரி செல்கள். டார்ச் லைட்டுல போடுவோமே, அந்தப் பெரிய செல் அளவு. ஒவ்வொன்றின் மேலும் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம், அதுக்குக் கீழே சி, டி என்று இரண்டு எழுத்து. காட்மியம் என்ற உலோகத்தின் குறியீடு அது. உலகமே ஒதுக்கப் பார்க்கிற ஒரு நச்சு உலோகம். அது எப்படி எங்க மாமா பட்டறையோட சுவருக்கு வந்தது, எதுக்காக எட்டு வருஷம் அங்கேயே இருந்தது, இப்போ இந்த டப்பாவை நான் என்ன செய்யப் போறேன் என்பதுதான் இன்னைக்குக் கதை.

பச்சை விளக்கு எரிஞ்சுது, ஆனா வெளிச்சம் வரல

மாமா பட்டறை தகரக் கூரை போட்டது. கீழே தறிகள், ஓரமாக ஒரு இரும்புப் படிக்கட்டு, மேலே நூல் மூட்டைகள் வைக்கிற பரண். ஏற்றுமதிக்குத் துணி கொடுக்க ஆரம்பித்தபோது, வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். வெளியேறும் வழிக்கு எமர்ஜென்சி விளக்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மாமா கடைக்குப் போய் இருப்பதிலேயே விலை குறைவான விளக்கு ஆறு வாங்கி மாட்டினார். உள்ளே சின்ன லெட்-ஆசிட் பேட்டரி. அதாவது ஸ்கூட்டர் பேட்டரியோட தம்பி.

இரண்டாவது வருஷம் மே மாதம், ராத்திரி ஷிப்ட். கரண்ட் போனது. மேலே பரணிலிருந்து நூல் எடுத்துக்கொண்டு ஒரு அக்கா இறங்கிக்கொண்டிருந்தார். படிக்கட்டு விளக்கு எரியவில்லை. கடைசி மூன்று படி தெரியாமல் விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மாமா சம்பளம் கொடுத்தார். ஆனாலும் இன்னைக்கும் அந்தப் பேச்சு வந்தால் அவர் முகம் மாறிவிடும்.

அவர் அன்னைக்கு என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஏங்கண்ணு, அந்த லைட்டுல பச்சை லைட்டு தினமும் எரிஞ்சுட்டுத்தானே இருந்துச்சு? அப்புறம் ஏன் எரியல?"

கழற்றிப் பார்த்தோம். ஆறில் நான்கு பேட்டரிகள் உப்பிப் போயிருந்தன. அந்தப் பச்சை விளக்கு சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்: சார்ஜருக்கு மின்சாரம் வருகிறது. பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று அது சொல்லவே இல்லை. மலிவான விளக்குகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. பச்சை எரிகிறது என்று நம்பி இருந்துவிடுவோம்.

அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் வேற விளக்குகள் வாங்கிக் கொடுத்தார். விலை இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே நிக்கல்-காட்மியம் செல்கள், ஒரு விளக்குக்கு மூன்று. "காசு அதிகம்தானுங்க, ஆனா தகரத்துக்குக் கீழே இதுதான் தாங்கும்"னு சொன்னார். ஏன் தாங்கும்னு அவர் சொல்லவில்லை. அதை நான்தான் தேடிப் படித்தேன்.

ஸ்வீடன்காரர் ஒருவரின் தீ எச்சரிக்கை

கதை 1899-இல் தொடங்குது. வால்டெமார் யுங்னர், ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர், 1869-இல் பிறந்தவர். பேட்டரிக்கு வருவதற்கு முன் அவர் உருவாக்கிய பொருள்களில் ஒன்று தீ எச்சரிக்கைக் கருவி. தீ எச்சரிக்கைக் கருவிக்கு எப்படிப்பட்ட பேட்டரி வேணும்னு யோசிச்சுப் பாருங்க. பல வருஷம் சும்மா கிடக்கணும். ஒரே ஒரு நாள் கூப்பிட்டால் உடனே எழுந்து வரணும். நம்ம எமர்ஜென்சி விளக்குக்கும் அதே தேவைதான்.

அன்றைக்கு இருந்த ரீசார்ஜ் பேட்டரி லெட்-ஆசிட். கனமானது, அமிலம் நிறைந்தது. யுங்னர் அமிலத்தை விட்டுவிட்டுக் காரத்துக்குப் போனார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், நேர்முனைக்கு நிக்கல். எதிர்முனைக்கு இரும்பையும் முயன்றார், காட்மியத்தையும் முயன்றார். இரும்பு விலை குறைவு, ஆனால் சார்ஜ் செய்யும்போது நிறைய வாயு வெளியேறி மின்சாரம் வீணாகும். காட்மியத்தில் அந்தத் தொல்லை குறைவு. அதே காலத்தில் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் நிக்கல்-இரும்பு பேட்டரியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் காப்புரிமைச் சண்டை நடந்தது. எடிசன் பெயர் நமக்குத் தெரியும். யுங்னர் பெயர் தெரியாது. ஆனால் நூறு வருஷம் தாண்டி நின்றது யுங்னரின் காட்மியம்தான்.

அந்த ஆரம்ப வகை இன்னும் உயிரோடு இருக்கு, பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். இந்த மாடியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கே ரயில்வேயின் மின்சார என்ஜின் ஷெட் இருக்கு. டபிள்யூஏபி-7 மாதிரியான மூன்று பேஸ் என்ஜின்களில் 110 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். 78 நிக்கல்-காட்மியம் செல்கள் வரிசையாக இணைத்தது. என்ஜின் தூங்கி எழும்போது மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க பான்டோகிராஃப் உயரணும். அதை உயர்த்தக் காற்று வேணும். காற்றுக்குச் சின்ன கம்ப்ரசர் ஓடணும். அந்தக் கம்ப்ரசரை ஓட்டுவது இந்தப் பேட்டரிதான். அவ்வளவு பெரிய என்ஜினின் முதல் மூச்சு இதிலிருந்துதான் வருது.

ஆனால் அந்த வகை செல்லுக்கு மேலே மூடி இருக்கும், வாயு வெளியேறும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றணும். சுவரில் மாட்டுகிற விளக்குக்கோ கையில் பிடிக்கிற துளைப்பானுக்கோ அது ஆகாது. முழுசாக மூடி சீல் வைத்த செல் வேணும். அதுக்கு வழி 1947-இல் கிடைத்தது. பிரான்சில் நியூமன் என்பவர், உள்ளே உருவாகும் வாயுவை உள்ளேயே ஜீரணிக்க வைக்க முடியும் என்று காட்டினார். நம்ம கேள்விக்குப் பதில் முழுக்க அந்த ஒரு தந்திரத்தில்தான் இருக்கு. அதனால அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிரம்பின பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தால்?

எமர்ஜென்சி விளக்கோட வாழ்க்கையை நினைச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சில மணி நேரம் தவிர மீதி முழுக்க அது சார்ஜில்தான் இருக்கு. பேட்டரி முதல் நாளே நிரம்பிவிடும். அதற்குப் பிறகும் சார்ஜர் மின்சாரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் நிரம்பின பிறகும் குழாயை மூடாமல் விட்டமாதிரி. கேள்வி என்னன்னா, வழியும் தண்ணீர் எங்கே போகும்?

நிக்கல்-காட்மியம் செல்லில் எதிர்முனைத் தகட்டை, அதாவது காட்மியம் தகட்டை, வேண்டுமென்றே பெரிதாகச் செய்வார்கள். அதனால் நேர்முனை முதலில் நிரம்பிவிடும். நிரம்பிய நேர்முனையில் மேலும் மின்சாரம் போனால் அங்கே ஆக்சிஜன் வாயு உருவாகும். அந்த ஆக்சிஜன் நடுவில் உள்ள மெல்லிய துணி போன்ற பிரிப்பான் வழியாக மறுபக்கம் போய்க் காட்மியத்தைத் தொடும். காட்மியம் அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சும்போது காட்மியம் தகட்டில் கொஞ்சம் சார்ஜ் குறையும். சார்ஜர் அதை மறுபடி நிரப்பும். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். காட்மியம் தகடு ஒருபோதும் முழுசாக நிரம்பாது என்பதால் ஆபத்தான ஹைட்ரஜன் வாயு உருவாகவே உருவாகாது. உள்ளே தள்ளிய மின்சாரம் எல்லாம் வெறும் சூடாக மாறி வெளியேறும்.

அதாவது வழிகிற தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போய்விடுகிறது. இதுக்குக் கம்ப்யூட்டர் சிப் வேண்டாம், சார்ஜை நிறுத்துகிற சர்க்யூட் வேண்டாம். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர் போதும். நான் சாஃப்ட்வேர்க்காரன், பாதுகாப்புன்னா கோடு எழுதிச் சரிபார்க்கிறதுன்னு பழகினவன். இங்கே பாதுகாப்பே வேதியியலுக்குள்ள இருக்கு. அதில் பக் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமா விளக்கில் மூன்று செல், ஒவ்வொன்றும் 4 ஆம்பியர்-மணி. சார்ஜ் மின்னோட்டம் 0.2 ஆம்பியர், அதாவது கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு. நிரம்பின நிலையில் மூன்று செல்லுக்கும் சேர்த்து சுமார் 4.2 வோல்ட். பெருக்கினால் 0.84 வாட். அவ்வளவு சூட்டைத்தான் அந்தச் செல்கள் இரவும் பகலும் வெளியேற்றுது. வருஷத்துக்கு ஒரு விளக்குக்கு ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நிம்மதிக்கு நாம் கொடுக்கிற வாடகை அது.

இப்போ மற்றவர்களைப் பாருங்க. லெட்-ஆசிட் பேட்டரியைச் சூட்டில் தொடர்ந்து சார்ஜில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈயச் சட்டம் அரிக்கும், தண்ணீர் வற்றும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் சுமார் பாதியாகும். தொழிற்சாலைகளில் வைக்கிற பெரிய நிக்கல்-காட்மியத்தில் அதே பத்து டிகிரிக்கு இழப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். எங்க ஊர் மே மாதத்தில், தகரக் கூரைக்கு ரெண்டடி கீழே, விளக்குப் பெட்டிக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. உப்பின பேட்டரிகளுக்குக் காரணம் அதுதான்.

சரி, நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு? காட்மியம் இல்லாத தம்பி. அதுவும் ஆக்சிஜனை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சுகிற உலோகக் கலவையையே அந்த ஆக்சிஜனும் சூடும் மெதுவாக அரிக்கும். லித்தியம்-அயானில் இந்தத் தந்திரமே கிடையாது. நிரம்பின பிறகு தள்ளினால் அந்தச் சார்ஜ் போக இடம் இல்லை. லித்தியம் உலோகமாகப் படியும், அது தீயில் போய் முடியலாம். அதனால் ஒவ்வொரு லித்தியம் பேக்குக்கும் காவலுக்கு ஒரு சர்க்யூட் வேணும்.

நிக்கல்-காட்மியத்துக்கும் எல்லை உண்டுங்க. சாதாரணச் செல் சூட்டில் சரியாக நிரம்பாது. 45, 50 டிகிரியில் உள்ளே போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி சேமிப்பாகாமல் ஆக்சிஜனாகவே போய்விடும். அதனால் எமர்ஜென்சி விளக்குக்கென்றே சூடு தாங்கும் வகை செய்வார்கள். செல்லின் உறையில் கே, ஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்கும். கூடவே டி அல்லது யூ என்ற எழுத்து இருந்தால் சூட்டில் நிரந்தரச் சார்ஜுக்கு ஏற்ற செல். அந்த எழுத்து இல்லாத செல்லை வாங்கிப் போட்டால் பணமும் போச்சு, வெளிச்சமும் போச்சு.

தச்சர் கையில் இருந்த துளைப்பான்

இதே செல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அது முற்றிலும் எதிர்மாறானது. விளக்கில் வருஷக்கணக்காகச் சும்மா இருக்கணும். கம்பியில்லாத துளைப்பானில் சும்மாவே இருக்க முடியாது.

1961-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி கம்பியில்லாத முதல் துளைப்பானைக் கொண்டுவந்தது. உள்ளே நிக்கல்-காட்மியம், 4.8 வோல்ட். 1978-இல் ஜப்பானின் மக்கிடா 7.2 வோல்ட் துளைப்பான் கொண்டுவந்தது. அதன் பிறகு 9.6, 12, 18 என்று வோல்ட் ஏறிக்கொண்டே போனது. எல்லாமே 1.2-இன் மடங்கு என்பதைக் கவனிச்சீங்களா? ஒரு நிக்கல்-காட்மியம் செல் 1.2 வோல்ட். 12 வோல்ட் பேக்கில் பத்து செல்.

துளைப்பானின் முனை மரத்தில் மாட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கும். அந்தக் கணத்தில் அது 30 ஆம்பியருக்கும் மேலே இழுக்கும். செல்லுக்குள்ள தடை கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் வோல்ட் விழுந்துவிடும், முனை நகராது. நிக்கல்-காட்மியத்தின் உள்தடை மிகக் குறைவு. முழுசாகக் காலி செய்து வண்டியில் போட்டு வைத்தாலும் சாகாது. இன்னொரு அதிசயம், சார்ஜ் ஏறும்போது அது கொஞ்சம் சூட்டை உள்ளே இழுக்கும். அதனால் வேகமாக சார்ஜ் செய்யலாம். நிரம்பின உடனே திடீரென்று சூடாகும், ஒரு செல்லுக்குப் பத்து இருபது மில்லிவோல்ட் அளவு வோல்ட் இறங்கும். சார்ஜர் அந்தச் சின்ன இறக்கத்தைக் கண்டு நிறுத்திக்கொள்ளும். தச்சர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பேக் தயார்.

பட்டறைக்குக் கதவு போட்ட தச்சர் தாத்தா ஒருவரிடம் 12 வோல்ட் துளைப்பான் ஒன்று இன்னும் இருக்கு. "இந்த லித்தியம் மெஷினு கையில் இறகு மாதிரி இருக்குது சாமி. ஆனா இதுக்கு ஒரு பேட்டரி செத்தா பத்து செல்லு வாங்கிப் பத்த வெச்சுக்குவேன். அதுக்கு அப்படி முடியுமா?"னு கேட்டார். பழைய கருவிகளில் இந்தச் செல் தொங்கிக்கொண்டிருக்கக் காரணம் இதுதான். கருவி நல்லா இருக்கு, செல் மட்டும் மாற்றினால் போதும், சார்ஜரும் கையில் இருக்கு.

ஆனால் அந்தக் களத்தில் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். 2005-இல் மில்வாக்கி கம்பெனி 28 வோல்ட் லித்தியம் கருவிகளைக் கொண்டுவந்தது. அதே எடையில் இரண்டு மடங்கு வேலை. சட்டத்திலும் அந்த வரலாறு அப்படியே தெரியுது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் சிறிய பேட்டரிகளில் 0.002 சதவீதத்துக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்று தடை போட்டது. மூன்றுக்கு மட்டும் விலக்கு: எமர்ஜென்சி விளக்கு உள்ளிட்ட அவசரகால, எச்சரிக்கைக் கருவிகள், மருத்துவக் கருவிகள், கம்பியில்லாத கைக்கருவிகள். 2013-இல் திருத்தம் வந்தது. கைக்கருவிகளுக்கான விலக்கு 2016 டிசம்பர் 31 வரைதான் என்று முடிவானது. எமர்ஜென்சி விளக்கின் விலக்கை அந்தத் திருத்தம் தொடவில்லை. ஏன்? கருவிக்கு மாற்று வந்துவிட்டது. சூட்டில் சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் வேலைக்கு அதே அளவு நம்பிக்கையான மாற்று அப்போது இல்லை.

ஒரு ஆறு, நெல் வயல், உடைகிற எலும்பு

அப்படி என்ன காட்மியத்தின் மேல் கோபம்? ஜப்பானில் டொயாமா பகுதியில் ஜின்சு என்று ஒரு ஆறு. மேலே கமியோகா சுரங்கம். துத்தநாகம், ஈயம் எடுத்தார்கள். காட்மியம் துத்தநாகத் தாதோடு ஒட்டிக்கொண்டே வரும் உலோகம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது, ஆற்றுத் தண்ணீர் நெல் வயலுக்குப் போனது, வயலிலிருந்து சோற்றுக்கு வந்தது. கரையோரப் பெண்கள், குறிப்பாகப் பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள், எலும்பு வலியில் துடித்தார்கள். இருமினாலே எலும்பு உடைந்தது. அந்த நோய்க்கு "இதாய் இதாய்" என்று பெயர். ஜப்பானிய மொழியில் "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். அதற்குக் காரணம் காட்மியம்தான் என்று அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. வயல் மண்ணைச் சீர்படுத்தும் வேலை 2012 வரை நடந்தது.

காட்மியம் உடம்புக்குள்ள போனால் சிறுநீரகத்தில் தங்கிவிடும். பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருஷம் ஆகும். ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது சாதாரணமாக இருக்க முடியலைங்க. எங்களுக்கும் காவிரி இருக்கு, கரையில் நெல் இருக்கு.

இப்போ என் முன்னால் இருக்கும் டப்பாவுக்கு வருவோம். இந்த அளவு செல் ஒன்று சுமார் 120 கிராம். அதில் ஏறக்குறைய 15 சதவீதம் காட்மியம்னு வைத்தால் 18 கிராம். பதினெட்டு செல்லுக்கு 324 கிராம். தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. வகுத்துப் பாருங்க. எட்டு லட்சம் கிலோ அரிசியை, அதாவது 800 டன்னுக்கு மேல், வரம்பு வரை கொண்டுபோகிற அளவு காட்மியம் ஒரு பெயின்ட் டப்பாவில் இருக்கு. அத்தனையும் அரிசிக்குப் போகாதுதான். பெரும்பகுதி மண்ணிலேயே நிற்கும். ஆனாலும் இது குப்பையில் போடுகிற பொருள் இல்லை என்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

எட்டு வருஷம் கழித்து ஒரு சோதனை

இந்தச் செல்கள் செத்துவிட்டன என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? இந்தத் தடவை யாரும் விழவில்லை. பழைய பாடம் இருக்கே. மாதம் ஒரு தடவை மாமா பட்டனை அழுத்திப் பார்ப்பார். வருஷம் ஒரு தடவை, தறி ஓடாத நாளில், விளக்குக்கான எம்சிபியை இறக்கிவிட்டு நேரம் குறிப்போம். தொண்ணூறு நிமிஷம் எரியணும். தேசியக் கட்டிடக் குறியீடு சொல்கிற அளவும் அதுதான்.

இந்த வருஷம் ஆறில் இரண்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டின. மூன்று நாற்பது நிமிஷத்தில் மங்கின. படிக்கட்டு விளக்கு பன்னிரண்டே நிமிஷத்தில் அணைந்தது. அதைத் திறந்து, எல்இடி இணைப்பில் இருக்கும்போதே மல்டிமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் வைத்தேன். முதல் செல் 1.18, இரண்டாவது 1.16, மூன்றாவது மைனஸ் 0.2. ஆமா, மைனஸ். பலவீனமான செல் முதலில் காலியாகிவிட்டது. மற்ற இரண்டும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளையே தலைகீழாக்கிவிட்டன. அந்தச் செல்லின் மூடியோரம் வெள்ளைப் பொடி. உள்ளே இருந்த காரம் கசிந்து காற்றோடு சேர்ந்தால் அப்படி உப்பாக நிற்கும். அதை வெறும் கையால் தொடக்கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்திருந்தால் பலவீனமான செல்லும் நல்ல வோல்ட் காட்டியிருக்கலாம். சுமை இருக்கும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். கெட்ட செல்லை மட்டும் மாற்றுவதும் தப்பு. புதுசும் பழசும் கலந்தால் பழசு மறுபடி தலைகீழாகும். மூன்றையும் சேர்த்துத்தான் மாற்றணும். இந்த விளக்குகளுக்கு உலகத் தரம் எதிர்பார்க்கிற பேட்டரி ஆயுள் நான்கு வருஷம். தகரத்துக்குக் கீழே எட்டு வருஷம் என்பது அதோட கடமைக்கு மேல்.

மாமாவின் முடிவு

அடுத்து என்ன வாங்குவது? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் போட்ட விளக்குகள் இப்போ வருது. மற்ற லித்தியத்தைவிடச் சூட்டில் அடக்கமானது. அதன் சர்க்யூட் பேட்டரியை நிரப்பிவிட்டுச் சார்ஜை நிறுத்திக்கொள்ளும், அதனால் அந்த ஏழு யூனிட் வாடகையிலும் பெரும்பகுதி மிச்சம். சில விளக்குகள் தன்னைத்தானே சோதித்து, பேட்டரி செத்தால் சிவப்பு காட்டும். மாமா கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது பச்சை விளக்கு ஏன் பொய் சொன்னது என்பதற்கு, இப்போதுதான் சரியான பதில் கிடைத்திருக்கு.

நான் இரண்டு வழியையும் சொன்னேன். பழைய விளக்கில் லித்தியம் செல்லை மட்டும் மாற்றிப் போடவே கூடாதுங் மாமா, அந்தச் சார்ஜர் நிறுத்தாது, தீப்பிடிக்கும், மாற்றினால் விளக்கோட மாற்றணும்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். படிக்கட்டுக்கும் கூரையை ஒட்டின இன்னொரு இடத்துக்கும் நிக்கல்-காட்மியமே இருக்கட்டும், புது செல் போடு என்றார். மற்ற நான்கு இடத்தில் புது வகை. "ரெண்டு வருஷம் பாக்கலாங்கண்ணு. இதுவும் தாங்குச்சுன்னா அதையும் மாத்திப்புடலாம்." உலகம் முழுக்க எமர்ஜென்சி விளக்குத் துறை எடுக்கிற முடிவும் கிட்டத்தட்ட இதேதான். பழகினதை விட மனசு வரல. புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்புறாங்க.

டப்பாவைப் பற்றி மட்டும் எங்களுக்குள்ள வாக்குவாதம். மாமா, "காயலாங்கடைக்காரன் கிலோவுக்குக் காசு தர்றான், போட்டுரு"ன்னார். நிக்கல் இருப்பதால் விலை உண்டு. ஆனால் அங்கே என்ன நடக்கும்? உடைப்பார்கள், அல்லது நெருப்பில் போட்டு உறையை எரிப்பார்கள். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றைக்கு லேசான காய்ச்சல் மாதிரிதான் தெரியும். நுரையீரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். முறையான மறுசுழற்சியிலும் இதே கொதிநிலையைத்தான் பயன்படுத்துறாங்க, ஆனா மூடிய உலைக்குள்ள. ஆவியான காட்மியத்தைக் குளிர்வித்துச் சுத்தமான உலோகமாகப் பிடித்துப் புது பேட்டரிக்கே அனுப்பலாம். மிச்சமாகும் நிக்கலும் இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகும்.

நம்ம நாட்டில் 2001-இல் வந்த பேட்டரி விதிகள் லெட்-ஆசிட்டை மட்டுமே பார்த்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரியையும் சேர்த்தன. விற்ற நிறுவனமே பழசைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்கணும். நாம செய்ய வேண்டியது, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, சேகரிப்பவரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்பது. புது செல் வாங்கும் கடையில், பழசை எடுத்துக்கிட்டாத்தான் வாங்குவேன்னு நான் சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில் செல்களின் முனைகளில் டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போகணும். இரண்டு முனையும் உரசிவிடக் கூடாதில்லையா?

மாமா கடைசியில் ஒப்புக்கொண்டது என் கணக்கைக் கேட்டு இல்லை. காயலாங்கடையில் செல் உடைக்கிற பையன் யாருன்னு அவருக்குத் தெரியும். அன்னைக்குப் படிக்கட்டில் விழுந்தாரே, அந்த அக்காவோட தம்பி மகன்.

கீழே சத்தம் நின்னுருச்சு, கேட்டுச்சா? கரண்ட் போயிருச்சு. படிக்கட்டு விளக்கு எரியுது, இங்கிருந்தே தெரியுது. புது செல் வரும் வரைக்கும் இரவல் வாங்கி மாட்டினது. சரி, நான் கீழே போய்ப் பார்க்கிறேன்.